வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கிறார்களா? முந்தின ராத்திரிச் சாப்பாடு முதல் ரிப்போர்ட் வரை

போன மே மாதம் என் அம்மாவுக்கு வீட்டிலேயே ரத்தம் எடுக்கச் சொல்லி ஒரு லேபில் பதிவு செய்தேன். அம்மாவுக்கு வயது 67, பன்னிரண்டு வருடமாகச் சுகர். காலை 6.50க்கு ஒரு தம்பி வந்தார், எடுத்தார், போனார். சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. வெறும் வயிற்றுச் சுகர் 108. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அதே ரிப்போர்ட்டில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7.4 என்று இருந்தது. அன்று காலை ரத்தம் எடுப்பதற்குச் சற்று முன்னால் வீட்டு குளுக்கோமீட்டரில் நான் பார்த்தபோது 134.

குளுக்கோமீட்டர் கொஞ்சம் முன்பின் காட்டும், அது தெரிந்ததுதான். ஆனாலும் 134க்கும் 108க்கும் இடைவெளி அதிகம். லேப் வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் காலையில் நடந்ததை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அந்தத் தம்பி எடுத்தது இரண்டே குழாய். ஒன்று மஞ்சள் மூடி, இன்னொன்று ஊதா மூடி. சுகருக்கென்றே உள்ள சாம்பல் நிற மூடி போட்ட குழாய் அவர் பையிலிருந்து வெளியே வரவே இல்லை. லேபுக்குப் போன் போட்டுக் கேட்டேன். சாம்பிள் வந்து சேர்ந்தது 9.50க்கு. அதற்குள் மூன்று மணி நேரம் ஓடிவிட்டது.

குழாய்க்குள் வந்த பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. உடம்புக்குள் செய்ததைப் போலவே சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். 6 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். எடுத்த நொடியில் 132 இருந்தால் ஒரு மணி நேரத்தில் 124, இரண்டு மணி நேரத்தில் 117, மூன்றில் 110. அம்மாவின் 108 எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டது. வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் கிடந்தால் இன்னும் வேகமாகவே குறையும்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. வீட்டில் ரத்தம் எடுக்கும்போது எல்லோரும் ஊசி வலியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். ரிப்போர்ட்டைக் கெடுப்பது பெரும்பாலும் ஊசி இல்லை, நேரம். கடைசியாகச் சாப்பிட்டதிலிருந்து ஊசி வரை எவ்வளவு நேரம், ஊசியிலிருந்து லேப் மெஷின் வரை எவ்வளவு நேரம். இந்த இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டே படிப்படியாகப் போவோம்.

பதிவு செய்யும்போதே கேட்க வேண்டியது

போனில் பேசுபவர் டெஸ்ட் பெயர், விலாசம், எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று மட்டும்தான் கேட்பார். நீங்கள் ஒரு கேள்வி திருப்பிக் கேளுங்கள்: "எங்க வீட்டில் எடுத்த சாம்பிள் எத்தனை மணிக்கு லேபுக்குப் போய்ச் சேரும்?"

காரணம் இதுதான். வீட்டுக்கு வருபவர் ஒரு சுற்று கிளம்புகிறார். காலை ஆறிலிருந்து ஒன்பது, ஒன்பதரைக்குள் ஐந்தாறு வீடு. முதல் வீட்டில் எடுத்த குழாய்தான் பையில் அதிக நேரம் கிடக்கும். கடைசி வீட்டுக்காரர் அதிக நேரம் பட்டினி கிடப்பார், ஆனால் அவர் குழாய் சீக்கிரம் லேபுக்குப் போய்விடும். "எனக்கு முதல் ஸ்லாட் கொடுங்க" என்று அடம்பிடிப்பவர்களுக்கு இந்தப் பக்கம் தெரியாது. சில லேப்கள் நடுவிலேயே ஓர் ஆளை அனுப்பிச் சாம்பிள்களை வாங்கிக்கொள்ளும். சில லேப்களுக்குப் பக்கத்துத் தெருவிலேயே கலெக்‌ஷன் சென்டர் இருக்கும், அங்கேயே குழாயை மெஷினில் சுற்றி, அணுக்கள் போக மேலே தெளியும் நீரான சீரத்தைப் பிரித்துவிடுவார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பிரித்துவிடுவோம் என்று சொன்னால் முதல் ஸ்லாட்டே நல்லது. பதில் மழுப்பலாக இருந்தால் நடு ஸ்லாட் கேளுங்கள்.

அப்புறம் உங்கள் உடம்பைப் பற்றிச் சிலவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, மார்பக அறுவை சிகிச்சை எந்தப் பக்கம் நடந்தது, டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா போட்டிருக்கிறதா, ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருமா, நரம்பு கிடைப்பது கஷ்டமா. ஃபிஸ்டுலா போட்ட கையில் ஊசி குத்தவே கூடாது. அறுவை சிகிச்சை நடந்த பக்கத்துக் கையையும் தவிர்க்க வேண்டும். நரம்பு கிடைப்பது கஷ்டம் என்று சொன்னால் இறக்கை வைத்த சின்ன பட்டர்ஃபிளை ஊசியோடு வருவார்கள்.

பட்டினிக் கணக்கு

வெறும் வயிற்றுச் சுகருக்குக் குறைந்தது 8 மணி நேரம் எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. கொலஸ்ட்ரால், அதிலும் முக்கியமாக ட்ரைகிளிசரைடு பார்ப்பதென்றால் 9 முதல் 12 மணி நேரம் என்பது வழக்கம். இப்போது பல டாக்டர்கள் கொலஸ்ட்ராலுக்குப் பட்டினியே வேண்டாம் என்கிறார்கள். ட்ரைகிளிசரைடு ரொம்ப அதிகமாக வந்தால் மட்டும் பட்டினியோடு மறுபடி எடுக்கச் சொல்வார்கள். உங்கள் டாக்டர் எப்படிச் சொன்னாரோ அப்படியே செய்யுங்கள். எச்பிஏ1சி, ரத்த அணுக்கள் எண்ணிக்கை, கிரியாட்டினின், தைராய்டு ஆகியவற்றுக்குப் பட்டினி கட்டாயமில்லை. ஆனால் எல்லாம் ஒரே ஊசியில் எடுப்பதால் சுகருக்கு உள்ள விதியே மொத்தத்துக்கும் விதி ஆகிவிடுகிறது.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். ஆள் 7 மணிக்கு வருகிறார் என்றால், தாமதமாகி 8.30 ஆகலாம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி 8.30க்குச் சாப்பாட்டை முடித்துவிட்டால் 7 மணிக்கு பத்தரை மணி நேரம், 8.30க்குப் பன்னிரண்டு. இரண்டுமே சரியான இடத்தில் விழும். ராத்திரி பத்தரைக்குச் சாப்பிடுபவர்களுக்கு ஏழு மணி ஊசி எட்டரை மணி நேரமே ஆகும். சுகருக்குப் போதும், கொலஸ்ட்ராலுக்குப் பற்றாது.

நிறையப் பேர் கோட்டை விடுவது ராத்திரிப் பாலில். "எட்டு மணிக்கே சாப்பிட்டுட்டேன்" என்பார்கள். பத்தரைக்குப் படுக்கும்போது சர்க்கரை போட்ட ஒரு டம்ளர் பால் குடித்தது கணக்கிலேயே வராது. அவர்களைப் பொறுத்தவரை பால் சாப்பாடு இல்லை. லேபைப் பொறுத்தவரை அது சாப்பாடுதான். மாத்திரையோடு தின்ற ஒரு பிஸ்கட்டும் அப்படியே.

பட்டினி என்றால் தண்ணீரும் கூடாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, தவறு. வெறும் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். எழுந்ததும் ஒன்றிரண்டு டம்ளர் குடித்தால் நரம்பு புடைத்துத் தெரியும். தண்ணீர் குடிக்காமல் ராத்திரி முழுக்க மின்விசிறிக்குக் கீழே காய்ந்து கிடந்த வயதானவர்களிடம்தான் நரம்பு தேடிச் சலித்துப்போவோம். பல் தேய்ப்பதும் தப்பில்லை. காபி, டீ கூடாது, சர்க்கரை இல்லாத கறுப்புக் காபியும் கூடாது. வெந்தயத் தண்ணீர், அருகம்புல் சாறு, தேன் கலந்த எலுமிச்சைச் சாறு, வெற்றிலை, சிகரெட், சூயிங்கம் எல்லாமே ரத்தம் எடுத்த பிறகு. காலை நடைப்பயிற்சியையும் அன்று ஒருநாள் தள்ளிவையுங்கள். முந்தின நாள் ஜிம்மில் எடை தூக்கியிருந்தால் தசையிலிருந்து வரும் என்சைம்கள் ஏறியிருக்கும், கல்லீரல் டெஸ்ட்டிலும் அது எதிரொலிக்கும்.

முந்தின ராத்திரி வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள். டெஸ்ட் என்பதற்காக இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வதும் வேண்டாம், கல்யாண விருந்து முடிந்த கையோடு எடுப்பதும் வேண்டாம். ஏகாதசி, சஷ்டி விரதம் இருந்த மறுநாள் காலை எடுப்பவர்களும் உண்டு. இருபத்துநாலு மணி நேரம் சாப்பிடாத உடம்பின் எண்கள் உங்கள் வழக்கமான எண்கள் இல்லை. 14 மணி நேரத்தைத் தாண்டும் பட்டினி அநாவசியம்.

காலை மாத்திரைகள்

இங்கே என் பேச்சைவிட உங்கள் டாக்டர் பேச்சுதான் பெரிது. பொதுவான பழக்கத்தை மட்டும் சொல்கிறேன். சுகர் மாத்திரையும் இன்சுலினும் ரத்தம் கொடுத்த பிறகு, சாப்பாட்டோடு. வெறும் வயிற்றில் அதைப் போட்டுக்கொண்டு லேப் ஆளுக்காகக் காத்திருப்பது ஆபத்து. பிரஷர் மாத்திரையைத் தண்ணீரோடு எப்போதும்போலச் சாப்பிடச் சொல்வார்கள். தைராய்டு மாத்திரை ரத்தம் எடுத்த பிறகு. முன்னாலேயே போட்டுவிட்டால் அதிலுள்ள ஹார்மோன் சில மணி நேரம் ரத்தத்தில் கூடுதலாகத் தெரியும். முடி உதிர்வதற்காகச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையைப் பலர் மருந்தாகவே நினைப்பதில்லை. அது தைராய்டு டெஸ்ட் எண்களையே திசை திருப்பிவிடும். டாக்டரிடம் சொல்லி இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திக்கொள்ளலாம்.

சுகர் உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆள் வரத் தாமதமாகும்போது உடம்பு வேர்த்து, கை நடுங்கி, படபடப்பு வந்தால் டெஸ்ட்டை மறந்துவிடுங்கள். குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மீட்டர் இல்லையென்றாலும் குடித்துவிடுங்கள். டெஸ்ட் இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம். "இவ்வளவு நேரம் பட்டினி இருந்தாச்சு, இன்னும் பத்து நிமிஷம்" என்று பொறுத்துக்கொண்டு மயங்கி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆள் வந்த பிறகு

மாடிப்படி ஏறி இறங்கிய உடனே எடுக்க வேண்டாம். ஐந்து பத்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். வெளிச்சமான இடம், கை வைக்க வசதியுள்ள நாற்காலி. மயக்கம் வரும் ஆசாமி என்றால் வெட்கப்படாமல் கட்டிலில் படுத்துக்கொண்டே கொடுங்கள். அதில் எந்தக் குறையும் இல்லை, எடுப்பவருக்கும் அதுதான் நிம்மதி.

வேலை தெரிந்த ஆள் வந்ததும் உங்கள் பெயரை உங்கள் வாயால் சொல்லச் சொல்வார். "உங்க பேர் என்னம்மா? வயசு?" என்று கேட்பார். "சரோஜா அம்மாதானே?" என்று கேட்டால், காது சரியாகக் கேட்காத பாட்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு எடுக்கும் நாளில்தான் இந்த வித்தியாசம் தெரியும்.

கையைச் சுத்தம் செய்து புதுக் கையுறை போடுகிறாரா, ஊசியின் உறையை உங்கள் முன்னால் பிரிக்கிறாரா என்று பாருங்கள். குழாயில் காலாவதி தேதி அச்சடித்திருக்கும். அதைப் பார்க்கலாமா என்று கேட்பதில் தப்பே இல்லை. தேதி தாண்டிய குழாயில் உள்ளிருக்கும் வெற்றிடம் குறைந்திருக்கும், ரத்தம் பாதியிலேயே நின்றுவிடும்.

முழங்கையின் உட்பக்கத்துக்கு நாலைந்து விரல் மேலே ரப்பர் பட்டையைக் கட்டுவார். அது ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கமாக இருக்கக் கூடாது. நரம்பு தேட நேரமானால் அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்ட வேண்டும். கையை மூடுங்கள் என்றால் ஒருமுறை மூடி வைத்துக்கொண்டால் போதும். மூடி மூடித் திறந்து பம்ப் அடிப்பது பலருக்குப் பழக்கம். அப்படிச் செய்தால் தசையிலிருந்து பொட்டாசியம் வெளியே வந்து அந்த எண் பொய்யாக ஏறும். ஸ்பிரிட் தேய்த்த பிறகு அரை நிமிடம் காயவிட வேண்டும். வாயால் ஊதுவதும், தேய்த்த இடத்தை மறுபடி விரலால் தொட்டுப் பார்ப்பதும் தேய்த்ததையே வீணாக்கும். ஈரம் காயாமல் குத்தினால் எரியும், சிவப்பணுக்களும் உடையலாம்.

ஊசி உள்ளே போகும்போது சுருக்கென்று இருக்கும், அது போய்விடும். கரன்ட் அடித்ததுபோல விரல்வரை ஒரு வலி ஓடினால் உடனே சொல்லுங்கள். ஊசி நரம்பு மண்டலத்து நரம்பைத் தொட்டிருக்கலாம், எடுத்துவிட வேண்டியதுதான். (தமிழில் இரண்டையும் நரம்பு என்றே சொல்லித் தொலைக்கிறோம். ரத்தம் எடுப்பது சிரையில்.) இரண்டு முறை குத்தியும் கிடைக்கவில்லை என்றால் அதே ஆள் மூன்றாம் முறை முயலக் கூடாது. இன்னொருவரை அனுப்பச் சொல்லுங்கள்.

மூடியின் நிறமும் வரிசையும்

நான் பார்த்தவரை வீட்டில் இருப்பவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒவ்வொரு மருந்து இருக்கிறது. நிறம் அதைச் சொல்கிறது.

வெளிர்நீல மூடியில் சிட்ரேட் இருக்கும், ரத்தம் உறையும் நேரத்தைப் பார்ப்பதற்கு. வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது வரும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு மருந்து என்ற கணக்கில் இருப்பதால் கோடு வரை நிரம்பியே ஆக வேண்டும். மஞ்சள் அல்லது சிவப்பு மூடியில் ரத்தம் உறைந்து சீரம் பிரியும். கொலஸ்ட்ரால், கிரியாட்டினின், பொட்டாசியம், தைராய்டு எல்லாம் அதில்தான். ஊதா மூடியில் ஈடிடிஏ, ரத்த அணுக்கள் எண்ணிக்கைக்கும் எச்பிஏ1சிக்கும். சாம்பல் மூடியில் ஃப்ளோரைடு, சுகருக்காக மட்டும். அணுக்கள் சர்க்கரையைத் தின்பதை நிறுத்துவது இந்த ஃப்ளோரைடுதான்.

எடுக்கும் வரிசையும் மேலே நான் சொன்னதுதான்: நீலம், மஞ்சள், ஊதா, சாம்பல். ஊதாவை முதலில் எடுத்துவிட்டு அதே ஊசியில் மஞ்சளை மாட்டினால் ஈடிடிஏ ஒரு துளி அங்கே ஒட்டிக்கொண்டு போகலாம். ஈடிடிஏ பொட்டாசிய உப்பாகத்தான் குழாய்க்குள் இருக்கிறது. அதனால் பொட்டாசியம் ஏறும், கால்சியத்தை அது பிடித்து வைத்துக்கொள்வதால் கால்சியம் இறங்கும். நோயாளிக்கு ஒன்றுமே இருக்காது. ரிப்போர்ட் மட்டும் பதற வைக்கும். ஊதாவில் ரத்தம் அதிகமாகிவிட்டது, மஞ்சளில் குறைகிறது என்று மூடியைத் திறந்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுகிறவர்களும் உண்டு. அதைப் பார்த்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எடுத்த குழாயை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், ஊதாவையும் சாம்பலையும் எட்டிலிருந்து பத்து முறை, மஞ்சளை ஐந்து முறை. இருமல் மருந்து பாட்டிலைப் போலக் குலுக்கினால் சிவப்பணுக்கள் உடையும். சிரிஞ்சில் எடுத்த ரத்தத்தைக் கட்டைவிரலால் அழுத்தி வேகமாகக் குழாய்க்குள் தள்ளினாலும் உடையும். சிவப்பணுக்களுக்குள்ளே பொட்டாசியம் நிறைய இருக்கிறது. உடைந்தால் அது சீரத்தில் கலந்துவிடும்.

எவ்வளவு ரத்தம் போகிறது என்று பயப்படுகிறவர்களுக்கு: மூன்று நாலு குழாய் சேர்ந்தால் 10 முதல் 15 மில்லி. உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் ஓடுகிறது.

பெயர் ஒட்டுவது உங்கள் முன்னால்

குழாய்களை மேஜையில் வரிசையாக வைத்து உங்கள் பெயர், வயது, பார்கோடு உள்ள சீட்டை அங்கேயே ஒட்ட வேண்டும். எடுத்த நேரத்தையும் எழுத வேண்டும். "கீழே போய் வண்டியில ஒட்டிக்கிறேன்" என்றால் விடாதீர்கள். நாலு வீட்டுக் குழாய்கள் பையில் இருக்கும்போது எது யாருடையது என்று பிரிக்கும் வழி எதுவும் கிடையாது. கணவன் மனைவி இரண்டு பேருக்கும் எடுத்தால் ஒருவருக்கு ஊசி, குழாய், சீட்டு எல்லாம் முடித்துப் பைக்குள் வைத்த பிறகே அடுத்தவரைத் தொட வேண்டும். சீட்டில் உள்ள பெயரையும் வயதையும் நீங்களும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

பயன்படுத்திய ஊசி அவர் கொண்டுவந்த குத்திக் கிழியாத வெள்ளைப் பெட்டிக்குள் நேராகப் போக வேண்டும். ரத்தம் பட்ட பஞ்சையும் கையுறையையும் அவரே கொண்டுபோக வேண்டும். 2016ஆம் வருட மருத்துவக் கழிவு விதிகள் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்து அகற்றச் சொல்கின்றன. உங்கள் வீட்டுக் குப்பைக் கூடையில் போட்டால் நாளைக் காலை அதைக் கையால் அள்ளும் துப்புரவுப் பணியாளருக்குத்தான் ஊசி குத்தும்.

பஞ்சை வைத்து கையை மடக்கிக்கொள்வதுதான் நம் ஊர் வழக்கம். அதைவிடக் கையை நீட்டியபடி மறுகை விரலால் மூன்று நிமிடம் அழுத்துவது நல்லது. மடக்கினால் அழுத்தம் சரியாக விழாமல் தோலுக்கடியில் ரத்தம் கசிந்து நீலம் பாரிக்கும். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவர்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல் அழுத்துங்கள். நீலம் கட்டினால் ஒரு வாரம் பத்து நாளில் மறையும். வீக்கம் பெருகிக்கொண்டே போனாலோ, விரல் மரத்துப்போனாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் வாசலைத் தாண்டிய பிறகு

மஞ்சள் குழாய் நேராக நின்றபடி அரை மணி நேரம் உறைய வேண்டும். பிறகு சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, எடுத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் சீரத்தைப் பிரிக்க வேண்டும். பிரித்துவிட்டால் அடியில் அணுக்கள், நடுவில் ஜெல், மேலே சீரம். அதற்குப் பிறகு அவசரம் குறைந்துவிடும். ஊதாக் குழாய்க்கு இவ்வளவு அவசரமில்லை. எச்பிஏ1சிக்கான ரத்தம் ஃப்ரிட்ஜ் குளிரில் சில நாள்கூடத் தாங்கும். அதனால்தான் அம்மா ரிப்போர்ட்டில் சுகர் பொய் சொன்னபோதும் எச்பிஏ1சி உண்மை சொன்னது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே ஒரு தப்புச் செய்திருக்கிறேன். கத்திரி வெயில், சாம்பிள் கெட்டுவிடுமே என்று பிரிக்காத மஞ்சள் குழாய்களை ஐஸ் பாக்கெட்டுக்கு நடுவில் செருகிக்கொண்டு போனேன். அன்று என் சுற்றில் எடுத்த எல்லோருக்கும் பொட்டாசியம் தூக்கலாக வந்தது. அணுக்கள் பொட்டாசியத்தை உள்ளே இழுத்து வைத்திருப்பதற்கு ஒரு பம்ப் இருக்கிறது, குளிரில் அது வேலை செய்யாது. உள்ளே இருந்தது வெளியே கசிந்துவிட்டது. சீனியர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. ஆகவே பெட்டி குளுமையாக இருக்க வேண்டும், ஆனால் பிரிக்காத குழாய் ஐஸைத் தொடக் கூடாது. நடுவில் துணியோ அட்டையோ வைக்க வேண்டும். பெட்டியே இல்லாமல் தோள்பையில் குழாய்களைப் போட்டுக்கொண்டு கிளம்பினால் கேளுங்கள்.

சாம்பல் குழாயும் மந்திரம் இல்லை. ஃப்ளோரைடு முழுசாக வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரமாகும், அதற்குள் கொஞ்சம் சர்க்கரை குறையத்தான் செய்யும். அதன்பின் அப்படியே நின்றுவிடும். மஞ்சளில் மூன்று மணி நேரம் கரைவதோடு பார்த்தால் இது எவ்வளவோ தேவலை.

சாப்பிட்ட பிறகு எடுக்கும் ரத்தம்

இரண்டு மணி நேரம் என்பது முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து, கை கழுவிய நேரத்திலிருந்து இல்லை. 7.30க்கு இட்லியில் கை வைத்தால் 9.30க்கு ஊசி. வழக்கமான டிபன், வழக்கமான மாத்திரை. சுகர் கம்மியாக வரட்டும் என்று அன்று மட்டும் ஓட்ஸ் குடித்தால் டாக்டர் பார்ப்பது ஓட்ஸின் எண்ணைத்தான். நடுவில் காபியும் கூடாது, தண்ணீர் குடிக்கலாம். ஆள் திரும்பி வருவது பத்து மணி ஆகிவிட்டால் நிஜ நேரத்தையே சீட்டில் எழுதச் சொல்லுங்கள். இரண்டரை மணி நேரம் கழித்து எடுத்ததை இரண்டு என்று எழுதுவதால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. இதற்கும் சாம்பல் மூடிதான்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும்

எண்களுக்கு முன்னால் மேலே உள்ள நேரங்களைப் பாருங்கள். எடுத்த நேரம், லேபுக்கு வந்த நேரம், ரிப்போர்ட் ஆன நேரம் என்று மூன்று இருக்கும். எடுத்த நேரம் என்ற இடத்தில் லேபில் பதிவான நேரத்தையே போட்டுவிடும் லேப்களும் உண்டு. உங்கள் வீட்டுக் கடிகாரம் உங்களுக்குத் தெரியுமே, ஒப்பிட்டுப் பாருங்கள். அடியில் சின்ன எழுத்தில் 'ஹீமோலைஸ்டு' என்று குறிப்பு இருந்தால் அணுக்கள் உடைந்த சாம்பிள் என்று பொருள். அதிலுள்ள பொட்டாசியத்தை நம்ப முடியாது. 'லைபீமிக்' என்றால் சீரத்தில் கொழுப்பு மிதக்கிறது, பட்டினி சரியாக இருந்ததா என்று யோசிக்க வேண்டும்.

பொட்டாசியம் 6ஐத் தொட்டு வந்தால் "சாம்பிள்தான் கெட்டிருக்கும்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். நிஜமாகவே இருந்தால் இதயத்துக்கு ஆபத்து. அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டு, முடிந்தால் நேரில் லேபுக்கே போய் மறுபடி எடுங்கள்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த முறை பார்க்கும்போது வெறும் வயிற்றுச் சுகர் 110க்குள் இருந்தால் ஒரு மாத்திரையைப் பாதியாக்கலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அந்த 108ஐ அப்படியே கொண்டுபோயிருந்தால் குறைத்திருப்பார். லேபில் பேசினேன். சாம்பல் குழாய் தீர்ந்துபோயிருந்தது என்று ஒத்துக்கொண்டு, மறுபடி இலவசமாக எடுக்கச் சம்மதித்தார்கள். இரண்டு நாள் கழித்து அதே தம்பி வந்தார். கதவைத் திறந்ததும் பையிலிருந்து சாம்பல் மூடிக் குழாயை எடுத்துக் காட்டிவிட்டுத்தான் செருப்பையே கழற்றினார். அம்மா, "இந்தத் தடவை எல்லாம் கொண்டுவந்தியா தம்பி?" என்று சிரித்தார். 6.55க்கு எடுத்தார், 8.20க்கு லேபில் சேர்ந்தது. வெறும் வயிற்றுச் சுகர் 131. மாத்திரை குறையவில்லை.